‘இதையும் மாற்றிவிடவா?’ – எழுத்து மூல மதிப்பீடு கேட்கும் மின்னஞ்சல்

ஸ்கூட்டரைச் சாதாரண சேர்விஸுக்கு விட்டுவிட்டுக் கடைக்கு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். பகல் பன்னிரண்டு மணியளவில் சேவை நிலையத்திலிருந்து தொலைபேசி வருகிறது. “நானா, பெல்ட் போயிட்டு. ரோலரும் தேஞ்சிருக்கு. கிளச், பிரேக் சூ, கோன் செட் எல்லாம் மாத்த வேணும். ஒரு முப்பத்தைஞ்சு போல வரும். செய்துவிடவா?” என்கிறார்கள். கல்லாவில் வாடிக்கையாளர் நிற்கிறார். “சரி, செய்யுங்க” என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்து விடுகிறோம். பிரச்சினை தொடங்குவது அந்த “சரி”யில்தான்.

எதற்குச் சம்மதித்தோம், எவ்வளவுக்குச் சம்மதித்தோம் என்பது அந்த ஒரு சொல்லில் இல்லை. முப்பத்தையாயிரத்தில் கூலி சேர்ந்திருக்கிறதா, வரி சேர்ந்திருக்கிறதா, காலையில் பேசிய சேர்விஸ் கட்டணம் அதற்குள் அடங்குமா என்பதும் தெரியாது. மாலையில் பட்டியலைக் கையில் வாங்கிய பின் கேட்டால், “நீங்கள்தானே செய்யச் சொன்னீர்கள்” என்பதுதான் பதிலாக இருக்கும். அப்படிச் சொல்வதில் அவர்கள் பக்கம் நியாயமும் இருக்கும்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி தனியார் வாகனங்களுக்குத் திறக்கப்பட்டது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட ஐந்து வருடங்களில் இருந்த ஸ்கூட்டரையே திருத்தித் திருத்தி ஓடியவர்கள் நம்மில் அதிகம். அந்த ஸ்கூட்டர்கள் பல இன்னும் ஓடுகின்றன. பழைய வண்டியில் மேலதிக வேலை வருவது இயல்பு. ஆகவே, அந்தத் தொலைபேசி அழைப்புக்கு எப்படிப் பதில் எழுதுவது என்பதை ஓர் உதாரணத்தைக் கொண்டு இவ்வாரம் படிப்படியாகப் பார்ப்போம்.

உதாரணம்

புடவைக் கடை வைத்திருக்கும் ஒருவர், சாமான் கொண்டு கொடுப்பதற்கு 110 சீசீ ஸ்கூட்டர் ஒன்றைப் பாவிக்கிறார். மீற்றரில் 27,400 கிலோ மீற்றர். எஞ்சின் ஒயில், கியர் ஒயில், எயார் ஃபில்டர் மாற்றுவது, பிரேக் துப்புரவு செய்து இறுக்குவது ஆகியவற்றுக்கு வரி உட்பட 7,500 ரூபா என்று பேசி, காலை எட்டரைக்கு வண்டியை ஒப்படைத்தார். “வண்டி எடுக்கும்போது உதறுகிறது, பின் பிரேக் அதிகம் இறங்குகிறது” என்று இரண்டு குறைகளையும் சொன்னார். அவை வேலை அட்டையில் எழுதப்பட்டன. பின்னர் மேலே சொன்ன தொலைபேசி வந்தது. (கீழே வரும் தொகைகள் கணக்கு விளங்குவதற்காகத் தரப்படுபவை. ஊருக்கு ஊர், வண்டிக்கு வண்டி விலை மாறும்.)

தொலைபேசியில் அவர் சொல்ல வேண்டியது ஒரு வசனம்தான்: “இப்போதே ஒரு மின்னஞ்சல் அனுப்புகிறேன், அதற்குப் பதில் போடுங்கள், பார்த்து உடனே சொல்கிறேன்.” ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இதில் எவரும் மனம் நோக இடமில்லை.

மின்னஞ்சல்

பொருள்: வேலை அட்டை இலக்கம் 0417 – மேலதிக வேலைகளுக்கு எழுத்து மூல மதிப்பீடு கோரல்

முகாமையாளர் அவர்களுக்கு,

இன்று காலை 8.30 மணிக்கு எனது ஸ்கூட்டரை (பதிவு இலக்கம் ......., ஓடிய தூரம் 27,400 கி.மீ.) தங்களிடம் சேர்விஸுக்கு ஒப்படைத்தேன். எஞ்சின் ஒயில், கியர் ஒயில், எயார் ஃபில்டர் மாற்றுதல், பிரேக் துப்புரவு ஆகியவற்றுக்கு வரி உட்பட ரூபா 7,500 என ஒப்புக்கொண்டோம். அவ்வேலையைத் தொடர்ந்து செய்யுங்கள்.

பெல்ட், ரோலர், கிளச், பின் பிரேக் சூ, கோன் செட் ஆகியவற்றையும் மாற்ற வேண்டும் எனப் பகல் 12.10 அளவில் தொலைபேசியில் தெரிவித்தீர்கள். அறிவித்தமைக்கு நன்றி. இவற்றுக்கு நான் இன்னும் சம்மதம் தரவில்லை. கீழ்க்காணும் விபரங்களுடன் எழுத்து மூல மதிப்பீடு ஒன்றை அனுப்பி வைக்கவும்.

1. ஒவ்வொரு வேலைக்கும் பொருளின் விலை வேறாக, கூலி வேறாக. பொருள் கம்பனி அசலா, வேறு தயாரிப்பா என்பதும்.
2. மாற்ற வேண்டியதற்கான காரணம். அளந்து பார்க்கக்கூடியவற்றுக்கு அளந்த அளவும், சேர்விஸ் கைநூல் கூறும் எல்லை அளவும்.
3. உடனே செய்ய வேண்டியது எது, பிறகு செய்யக்கூடியது எது.
4. வற் வரி தொகைக்குள் அடங்கியதா, மேலதிகமா.
5. இத்தொகை இறுதியானதா, கூடக்கூடுமா. எத்தனை நாளைக்குச் செல்லுபடியாகும்.

கழற்றிய பாகங்களைப் படம் எடுத்து அனுப்ப முடிந்தால் உதவியாக இருக்கும். மாற்றப்படும் பழைய பாகங்களை வண்டியுடன் எனக்குத் திருப்பித் தரவும்.

தங்கள் பதில் கிடைத்தவுடன், எந்தெந்த வேலையைச் செய்வது என்று இதே மின்னஞ்சலில் எழுதி அனுப்புவேன். அதுவரை மேலே கூறிய சேர்விஸ் தவிர்ந்த வேறு வேலை எதையும் ஆரம்பிக்க வேண்டாம். இன்று பிற்பகல் 3 மணிக்கு முன் பதில் கிடைத்தால் இன்றே முடிவு சொல்லலாம்.

இப்படிக்கு,
(பெயர், தொலைபேசி இலக்கம்)

ஏன் இப்படி எழுத வேண்டும்?

முதல் பந்தி, ஏற்கனவே ஒப்புக்கொண்டதைத் தனியாகப் பிரித்து வைக்கிறது. இது மிக முக்கியம். “மதிப்பீடு வரும்வரை ஒன்றும் செய்ய வேண்டாம்” என்று மட்டும் எழுதினால் சாதாரண சேர்விஸும் நின்றுபோகும். வண்டி ஒரு நாள் வீணாகக் கிடக்கும். எதைத் தொடர வேண்டும், எதை நிறுத்த வேண்டும் என்ற இரண்டும் எழுத்தில் இருந்தால் அவர்களுக்கும் குழப்பமில்லை.

இரண்டாம் பந்தியில் தொலைபேசி வந்த நேரமும், “இன்னும் சம்மதம் தரவில்லை” என்ற வசனமும் இருக்கின்றன. பேச்சில் “ம்ம்”, “பார்ப்போம்” என்று சொன்னதைக்கூடச் சிலர் சம்மதமாக எடுத்துக்கொள்வார்கள். அந்த ஐயத்தை இவ்வசனம் தீர்க்கிறது. அதே நேரம் “அறிவித்தமைக்கு நன்றி” என்ற சொல்லும் இருக்கிறது. கேட்காமலே செய்துவிட்டுக் காசு கேட்பவர்களும் இருக்க, இவர்கள் கேட்டுத்தான் செய்கிறார்கள். அவர்களைச் சந்தேகிக்கும் தொனி கடிதத்தில் வரக்கூடாது. “ஏமாற்றப் பார்க்கிறீர்களா” என்ற வகையில் ஒரு வார்த்தை விழுந்தாலும் பதில் வரத் தாமதமாகும்.

அளவைக் கேட்பதுதான் இக்கடிதத்தின் உயிர் நாடி. ‘தேய்ந்துவிட்டது’ என்பது அபிப்பிராயம். அளவு அப்படியல்ல. ஸ்கூட்டரின் பெல்ட் ஓட ஓட அகலத்தில் ஒடுங்கும். கிளச் சூவின் உராயும் பகுதி தடிப்பில் குறையும். இரண்டுக்கும் இதற்குக் கீழே போனால் மாற்ற வேண்டும் என்ற எல்லை அளவு தயாரிப்பாளரின் சேர்விஸ் கைநூலில் உண்டு. கவரைக் கழற்றியவரிடம் அளவுகோல் இருக்கிறது, அளப்பதற்குச் சில நிமிடம் போதும். ரோலர்கள் உருண்டையாகத் தேய்வதில்லை, ஒரு பக்கம் தட்டையாகும். அதைப் படத்திலேயே பார்க்கலாம். பின் பிரேக் டிரம் வகையாக இருந்தால், பல ஸ்கூட்டர்களில் பிரேக் கை சேரும் இடத்தில் ஓர் அம்புக்குறி இருக்கும். பிரேக்கை முழுதாகப் பிடிக்கும்போது அந்த அம்பு, பக்கத்தில் உள்ள அடையாளத்தைத் தொட்டால் சூ முடிந்தது என்று அர்த்தம். இதை வண்டிச் சொந்தக்காரரே குனிந்து பார்க்கலாம்.

பொருளையும் கூலியையும் பிரித்துக் கேட்பதற்கும் காரணம் உண்டு. பெல்ட், ரோலர், கிளச் மூன்றும் இடப்பக்கக் கவர் ஒன்றின் பின்னால்தான் இருக்கின்றன. கவரை ஒரு முறை கழற்றினால் மூன்றும் கைக்கு எட்டும். தனித்தனிக் கூலி போட்டால், பெரும்பாலும் ஒரே வேலைக்குத் திரும்பத் திரும்பக் காசு கொடுப்பதாகிவிடும். மொத்தத் தொகை மட்டும் எழுதிய மதிப்பீட்டில் இது வெளியில் தெரியாது.

இனி வரி. பதிவு பெற்ற நிறுவனமாயின் 2024 ஜனவரி முதல் வற் 18 சதவீதம். முப்பத்தையாயிரம் ரூபா வேலைக்கு அது ஆறாயிரத்தைத் தாண்டும். தொலைபேசியில் சொல்லும் தொகையில் இது சேராமல் இருப்பது வழமை.

கடைசியாக, மதிப்பீடும் கூறுவிலையும் ஒன்றல்ல. கூறுவிலை என்றால் அந்த விலைக்கே செய்து தருவது. மதிப்பீடு என்றால் ஏறக்குறைய இவ்வளவு என்று சொல்வது. கவரைக் கழற்றாமல் உள்ளே உள்ளதை எவராலும் முழுதாகச் சொல்ல முடியாது. ஆகவே தொகை கூடுவதையே தடுக்க முடியாது. “கூடுமானால் செய்யுமுன் சொல்லுங்கள்” என்று கேட்க முடியும். சம்மதக் கடிதத்தில் அதை எழுத வேண்டும்.

வந்த பதில்

பிற்பகல் இரண்டரைக்குப் பதில் வந்தது என வைத்துக்கொள்வோம்.

பெல்ட்: பொருள் 6,200, கூலி 1,500. அகலம் எல்லைக்குக் கீழே, உட்பக்கம் வெடிப்பு.
ரோலர் 6: பொருள் 3,000, கூலி 1,500. தட்டையாகியுள்ளன.
கிளச் சூ: பொருள் 9,500, கூலி 2,500. தடிப்பு 3 மி.மீ., எல்லை 2 மி.மீ.
பின் பிரேக் சூ: பொருள் 1,800, கூலி 800. அம்புக்குறி அடையாளத்தில்.
கோன் செட்: பொருள் 4,500, கூலி 3,500. ஹேண்டிலில் ஆட்டம்.

பொருள்கள் 25,000, கூலி 9,800, கூட்டுத்தொகை 34,800. வற் 6,264. மொத்தம் 41,064 ரூபா. தொலைபேசியில் சொன்ன முப்பத்தைந்து பொய்யல்ல, ஆனால் கொடுக்க வேண்டிய காசு அதுவல்ல. சேர்விஸ் 7,500 இதற்கு வெளியே.

இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம். பின் பிரேக் சூவில் யோசிக்க ஒன்றுமில்லை. பிரேக் உயிரோடு சம்பந்தப்பட்டது, அடையாளமும் முடிந்துவிட்டது. செய்ய வேண்டும். பெல்ட் எல்லையைத் தாண்டிவிட்டது, வெடிப்பும் இருக்கிறது. அது அறுந்தால் எஞ்சின் ஓடும், சக்கரம் ஓடாது. சாமானோடு நடு வீதியில் நிற்க வேண்டி வரும். அதுவும் செய்ய வேண்டும். ரோலர் தட்டையாக இருந்தால் வேகம் எடுப்பது பாதிக்கப்படும். பெல்ட் மாற்றக் கழற்றும் அதே இடத்தில் அது இருப்பதால் சேர்த்துச் செய்வதே லாபம், ஆனால் கூலி ஒன்றுதான் இருக்க வேண்டும்.

கிளச் சூவில் இன்னும் ஒரு மில்லி மீற்றர் மிச்சமிருக்கிறது. அப்படியாயின் வண்டி எடுக்கும்போது ஏன் உதறுகிறது? சூவிலும், அது உராயும் கிண்ணத்திலும் தூசு படிந்து பளபளப்பாகியிருந்தாலும் உதறல் வரும். கவர் கழன்றிருக்கும்போதே அதைத் துப்புரவு செய்து உரசிவிட்டுப் பார்க்கலாம். சூ மாற்றுவதை இப்போதைக்கு ஒத்திப் போடலாம்.

கோன் செட் என்பது ஹேண்டில் திரும்பும் இடத்தில் உள்ள குண்டுகளும் கிண்ணங்களும். ‘ஆட்டம்’ என்றால் தளர்ந்திருக்கிறது என்பது பொருள், தேய்ந்துவிட்டது என்பதல்ல. முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஹேண்டிலை மெதுவாகத் திருப்பினால், நடுவில் ஓரிடத்தில் தடக்கென்று மாட்டுவது போல இருந்தால் கிண்ணத்தில் பள்ளம் விழுந்துள்ளது, மாற்றத்தான் வேண்டும். மாட்டாமல் வழுக்கித் திரும்பினால் இறுக்கிவிட்டால் போதும். இந்தக் கேள்வியைத் தொலைபேசியில் கேட்டபோது, “மாட்டவில்லை, லூஸ்தான். இறுக்கலாம், எண்ணூறு ரூபா” என்றார்கள். கிளச் துப்புரவுக்கு ஐந்நூறு என்றார்கள். பெல்டுக்கும் ரோலருக்கும் ஒரே கூலி என்பதையும் ஒப்புக்கொண்டார்கள். பேசியது தொலைபேசியில் என்றாலும், முடிவு எழுத்தில் போக வேண்டும்.

சம்மதக் கடிதம்

மதிப்பீடு கேட்டவர்கள் பலர் தவறுவது இங்குதான். அழகான மதிப்பீடு வந்த பின் “ஓகே” என்று ஒரு சொல்லில் பதில் போட்டால், 41,064 ரூபாவுக்கும் சம்மதித்ததாகிவிடும். ஆகவே இப்படி எழுதவும்:

“தங்கள் மதிப்பீட்டுக்கு நன்றி. பின்வருவனவற்றுக்கு மட்டும் சம்மதிக்கிறேன். பெல்ட் 6,200, ரோலர் 3,000, இரண்டையும் மாற்றக் கூலி 1,500. கிளச் துப்புரவு 500. பின் பிரேக் சூ 1,800, கூலி 800. கோன் செட் இறுக்குதல் 800. மொத்தம் ரூபா 14,600, வற் 2,628 உடன் ரூபா 17,228. கிளச் சூ, கோன் செட் ஆகியவற்றை இப்போது மாற்ற வேண்டாம். இத்தொகைக்கு மேல் ஏதேனும் தேவைப்பட்டால், செய்யுமுன் எழுத்தில் அறிவிக்கவும்.”

சேர்விஸ் 7,500ஐயும் சேர்த்தால் மாலையில் கொடுக்க வேண்டியது 24,728 ரூபா. “சரி” என்று சொல்லியிருந்தால் 48,564 ரூபா. வித்தியாசம் 23,836.

இந்த வித்தியாசம் முழுவதையும் லாபமாகக் கணக்கிடக் கூடாது. கிளச் சூ ஒரு நாள் முடியத்தான் போகிறது. அன்று கவரை மறுபடி கழற்ற வேண்டும், அந்தக் கூலியை மறுபடி கொடுக்க வேண்டும். அளவு மூன்றாக இல்லாமல் இரண்டேகாலாக இருந்திருந்தால், கவர் கழன்ற நிலையிலேயே அதையும் மாற்றிவிடுவதே கெட்டித்தனம். துப்புரவு செய்த பின்பும் உதறல் நிற்காவிட்டால், கிண்ணம் அல்லது சூ பற்றி மறுபடி யோசிக்க வேண்டி வரும். இவற்றையெல்லாம் யோசிப்பதற்குத்தான் அளவைக் கேட்கிறோம்.

வண்டியை எடுக்கும்போது

மூன்று தாள்களை ஒன்றாக வைத்துப் பாருங்கள்: வேலை அட்டை, உங்கள் சம்மதக் கடிதம், அவர்களின் பட்டியல். சம்மதத்தில் இல்லாத வரி ஒன்று பட்டியலில் இருந்தால் காசு கொடுக்குமுன் கேளுங்கள். பழைய பெல்டையும் ரோலர்களையும் பிரேக் சூவையும் வாங்கிப் பாருங்கள். இதை முதல் கடிதத்திலேயே கேட்டதற்குக் காரணம், மாலையில் கேட்டால் குப்பையோடு போயிருக்கும் என்பதே. பற்றரி போன்ற சில பாகங்களுக்குப் பழையதைக் கொடுத்தால் விலை கழிப்பார்கள். அப்படியாயின் பார்த்துவிட்டு அங்கேயே விட்டுவிடலாம்.

பட்டியலில் கூடுதல் தொகை வந்து, பேசியும் தீராவிட்டால் என்ன செய்வது? வேலை செய்தவர் தனக்குச் சேர வேண்டிய காசு கிடைக்கும்வரை வாகனத்தைத் தன்னிடம் நிறுத்தி வைக்கும் உரிமையை நமது நாட்டுச் சட்டம் ஏற்கிறது. எனவே சண்டை பிடித்து வண்டியை இழுத்து வருவது வழியல்ல. சேர வேண்டிய தொகை எது என்பதற்கு உங்கள் கடிதம்தான் சாட்சி. மின்னஞ்சல் என்ற ஒரே காரணத்துக்காக ஒரு தொடர்பாடல் செல்லாது என்று தள்ளிவிட முடியாது என்பதை 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அவசரத்துக்குக் கூடுதல் காசைக் கொடுத்து வண்டியை எடுக்க வேண்டி வந்தால், “இந்த வரிக்கு நான் சம்மதிக்கவில்லை” என்று பட்டியலில் எழுதி, பற்றுச்சீட்டும் பெற்றுக்கொள்ளுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறையிட நினைத்தால், சேவை கிடைத்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். கைவசம் இருக்கும் மின்னஞ்சல்களும் பற்றுச்சீட்டும் அங்கே உதவும்.

சில நடைமுறைக் குறிப்புகள்

மின்னஞ்சலை அனுப்பியதும் தொலைபேசியில் “அனுப்பியிருக்கிறேன்” என்று சொல்லுங்கள். வேலை செய்பவர் பகலில் கணனியைப் பார்க்கமாட்டார். சிறிய கராஜ்களுக்கு மின்னஞ்சல் முகவரியே இருக்காது. அங்கே இதே விடயங்களை வட்ஸ்அப்பில் எழுதலாம், அதுவும் எழுத்துத்தான். குரல் பதிவாக அனுப்பாதீர்கள். பிறகு தேடுவதும், தொகையைக் காட்டுவதும் கஷ்டம். பாஸ் எழுதப் பிரியப்படாவிட்டால், அவர் வாயால் சொன்னதை நீங்களே எழுதி அனுப்பி, “இது சரியா?” என்று கேளுங்கள். “சரி” என்று அவர் போடும் பதில் போதும்.

மதிப்பீட்டைப் பெற்று, மேலதிக வேலை எதுவும் வேண்டாம் என்று வண்டியை எடுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் கவரைக் கழற்றிப் பார்த்துப் பூட்டியதற்குக் கூலி கேட்டால் அது நியாயமானதே. அதனால் வண்டியை ஒப்படைக்கும்போதே, “கழற்றிப் பார்க்க எவ்வளவு?” என்று கேட்டு வேலை அட்டையில் எழுதுவித்து விடுங்கள்.

இப்பகுதியை வாசிப்பவர்களுள் கராஜ் நடத்துபவர்களும் இருப்பீர்கள். இப்படிக் கடிதம் எழுதும் வாடிக்கையாளரைத் தொந்தரவாக நினைக்கத் தேவையில்லை. பதில் வரும்வரை ஒரு வண்டி இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும் என்பது உண்மை. அதற்கு வழி, வண்டியை ஏற்கும்போதே, “மேலதிக வேலை இருந்தால் எங்கே அனுப்புவது, எத்தனை மணிக்குள் பதில் தருவீர்கள்?” என்று கேட்டு எழுதிக்கொள்வது. பொருள், கூலி, அளவு, வரி, செல்லுபடியாகும் நாள் என்ற ஐந்து நிரல்கள் உள்ள ஒரு படிவத்தைத் தயாராக வைத்திருந்தால் பதில் எழுத ஐந்து நிமிடம்தான் போகும். சம்மதம் எழுத்தில் இருந்தால் மாலையில் கல்லாவுக்கு முன்னால் நடக்கும் வாக்குவாதமும், அதற்குப் பின் செய்து கொடுக்கும் விலைக்கழிவும் உங்களுக்கு மிச்சம்.